சிக்னலைத் திட்டுங்கள், ஆட்களை விட்டுவிடுங்கள்

கேள்வி: வேளச்சேரியில் குடியிருக்கிறேன், வயது 38. வாரத்தில் மூன்று நாள் பைக்கில் சிறுசேரி போய் வருகிறேன். மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே வேலை. டிராஃபிக், வெயில், அடிக்கடி நின்றுபோகும் இன்டர்நெட் ஆகியவற்றால் வரும் எரிச்சலை வீட்டில் கொட்டிவிடுகிறேன். போன வாரம் நெட் கம்பெனியின் கஸ்டமர் கேரில் பேசிய பெண்ணிடம் மிக மோசமாகக் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த என் பத்து வயது மகள், “அந்த அக்கா என்னப்பா பண்ணாங்க?” என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. “ஆளைத் திட்டாதே, டிராஃபிக்கையும் நெட்டையும் கலாய்த்துப் பேசு, எல்லாம் சரியாகும்” என்கிறான் நண்பன். கோபத்தை இப்படிக் கொட்டினால் உண்மையிலேயே குறையுமா? அப்படிப் பேச எனக்கு வராது என்றும் தோன்றுகிறது.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியைச் சரியாகப் பிடித்துக்கொள்வதற்கு, தவறான பாதியை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். கோபம் என்பது குக்கரில் ஏறும் ஆவியைப் போன்றது, விசிலைத் தூக்கிவிட்டால் அடங்கிவிடும் என்று நம்மில் பலரும் நம்புகிறோம். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையை நேரடியாகச் சோதித்தது. 600 கல்லூரி மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை வேண்டுமென்றே கடுமையாகக் குறைகூறி அவர்களுக்குக் கோபமூட்டினார்கள். பின்னர் ஒரு பிரிவினரைத் தங்களைக் குறைகூறியவரை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தச் சொன்னார்கள்; இன்னொரு பிரிவினரை உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தச் சொன்னார்கள்; மூன்றாம் பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முடிவில், ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் மிகுந்திருந்தது. பிறரைத் தாக்கும் போக்கு மிகக் குறைவாகக் காணப்பட்டது சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம். ஆகவே கொட்டுவதால் மட்டும் கோபம் குறைவதில்லை. ஓர் ஆளை மனத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு கொட்டினால் அது வளரவே செய்கிறது. 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடும், உடலின் படபடப்பைக் கூட்டும் செயல்கள் கோபத்தைத் தணிப்பதில்லை, படபடப்பைக் குறைக்கும் செயல்களே தணிக்கின்றன என்கிறது.

அப்படியானால் கலாய்த்துப் பேசுவது எப்படி உதவுகிறது? அது கொட்டும் வேலையே அன்று என்பதுதான் விடை. வெளியிலிருந்து பார்க்கையில் இரண்டும் புலம்பல் போலத் தோன்றினாலும், உள்ளே நடப்பது வேறு. திட்டும்போது மனம் “யார் இதைச் செய்தது?” என்று தேடுகிறது; தேடினால் எப்போதும் ஒருவர் கிடைத்துவிடுவார், பெரும்பாலும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற, திருப்பிப் பேச முடியாத ஒருவர். ஒரு பொருளைக் கலாய்க்கும்போதோ மனம் “இது எதைப் போல இருக்கிறது?” என்று தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலுக்கு நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும், ஓர் உவமையைப் பிடிக்க வேண்டும், அதை எந்த வரிசையில் சொல்வது என்று யோசிக்க வேண்டும். இவ்வளவையும் செய்துகொண்டே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது கடினம். ஆண்ட்ரியா சாம்சன், ஜேம்ஸ் கிராஸ் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மனத்தை வருத்தும் படங்களைப் பார்த்தவர்கள் அவற்றைப் பற்றி நல்லெண்ணமுள்ள வேடிக்கையாக யோசித்தபோது வருத்தம் நன்றாகக் குறைந்தது. இகழ்ச்சியும் குத்தலும் கலந்த வேடிக்கை அந்த அளவுக்கு உதவவில்லை. எனவே சிரிப்பு என்றாலே மருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எந்த வகைச் சிரிப்பு, யார் மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது.

இந்த வேறுபாட்டை நம் மொழியில் காளமேகப் புலவரின் இரண்டு பாடல்களைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தண்ணீராக இருந்த மோரைக் குடிக்க நேர்ந்தவர், அந்த மோரையே முன்னிலையில் நிறுத்திப் பேசுகிறார். வானத்தில் இருந்தபோது உனக்குக் கார் என்று பெயர், தரைக்கு வந்தபின் நீர் என்று பெயர், ஆய்ச்சியர் கைக்கு வந்தபின் மோர் என்று பெயர், மூன்று பெயரும் பெற்றுவிட்டாயே என்று வியக்கிறார். மோரில் எவ்வளவு தண்ணீர் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது. ஆனாலும் விற்ற பெண்ணின் மேல் ஒரு வசைச்சொல்லும் இல்லை. பேச்சு முழுவதும் மோரோடுதான்.

இன்னொரு பாடல் நாகப்பட்டினத்துச் சத்திரத்தைப் பற்றியது. பொழுது சாயும் நேரத்தில் அரிசி வருமாம். அதைக் குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்கிவிடுமாம். ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுமாம். தாமதத்தைக் கலாய்ப்பதில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் இந்தப் பாட்டில் சத்திரத்துக்காரரான காத்தானின் பெயரும் இருக்கிறது. அவர் மனம் புண்பட்டு நின்றதாகவும், ஊர்ப் பஞ்சத்திலும் இங்கே அரிசி வந்து குவியும், உலையில் இட்டால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு முன் வெள்ளியும் தோற்று எழுந்து போகும் என்று புலவர் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொல்லி அவரைத் தேற்றியதாகவும் செவிவழிக் கதை உண்டு. மோர்ப் பாட்டுக்கு இப்படி ஒரு சமாதானம் தேவைப்படவே இல்லை. இரண்டும் ஒரே புலவருடையவை, ஒரே வகைத் திறமை. ஒன்றில் ஆளின் பெயர் உள்ளே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி, உங்களுக்கு வராது என்று நீங்கள் நினைக்கிற பேச்சுக்கு வருகிறேன். நகைச்சுவை உணர்வு பிறவியிலேயே வர வேண்டும் என்று எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள். நம் இலக்கணத்திலேயே இதற்கான வழி இருக்கிறது. உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் படித்தோம். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகியவை மிகும்போது பேசுகிறவர்கள் திணையையும் பாலையும் மாற்றிச் சொல்வது இயல்பே என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது: “உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.” கோபம் மேலிட்ட தமிழர் வாயில் முதலில் புரள்வது திணைதான். முன்னால் போகிறவர் எருமையாகிவிடுகிறார், வேலையை முடித்துத் தராத சக ஊழியர் “அது எங்க போய்த் தொலைஞ்சுது?” என்று அதுவாகிவிடுகிறார். மனிதரை அஃறிணைக்கு இறக்குவது திட்டு. நான் உங்களிடம் கேட்பது இதற்கு நேர்மாறானது: அஃறிணையை உயர்திணைக்கு ஏற்றுங்கள். சிக்னலுக்கு ஒரு சுபாவம் கொடுங்கள், வெயிலுக்கு ஓர் உறவுமுறை கொடுங்கள், இன்டர்நெட்டுக்கு ஒரு பழக்கவழக்கம் கொடுங்கள். ஒரு பொருளுக்குக் குணம் வந்துவிட்டால் அதோடு சண்டை போடத் தோன்றாது. அதன் லட்சணத்தைச் சொல்லி மாளாத வீட்டு மனிதர் ஒருவரைப் போல அது ஆகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2012-இல் தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு கடுமையாக இருந்த மாதங்களில், திருநெல்வேலியில் எங்கள் வீட்டில் பகலில் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. மதியச் சாப்பாடு முடிந்து அப்பா கட்டிலில் சாய்ந்ததும் மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நிற்கும். அப்பா அண்ணாந்து பார்த்து, “மாப்பிள்ளை கிளம்பிட்டாரு” என்பார். “சொல்லாமக் கொள்ளாமப் போறதே அவருக்கு வழக்கமாப் போச்சு. நம்ம வீட்டுச் சாப்பாட்டுல என்ன குறை கண்டாரோ?” அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: “ரெண்டு மணி நேரத்துல வந்துருவாரு, கோவிச்சுக்காதீங்க. வாரப்ப வெறுங்கையா வராமக் கொஞ்சம் காத்து கொண்டாரச் சொல்லுங்க.” அப்பா பனையோலை விசிறியை எடுத்துக்கொள்வார். வியர்வை குறையவில்லை, மின்சாரமும் ஒரு நிமிடம் முன்னதாக வந்துவிடவில்லை. ஆனால் அந்தக் கோடை முழுவதிலும் அந்த வெக்கையால் எங்கள் வீட்டில் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்த நாள் என் நினைவில் இல்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே, அப்பா அன்று செய்துகொண்டிருந்தது எவ்வளவு நுட்பமான காரியம் என்று புரிந்தது.

உங்கள் இன்டர்நெட்டையே எடுத்துச் செய்து பார்ப்போம். ஒரு பெரிய கோப்பை அனுப்புகிறீர்கள். 99 சதவீதத்தில் வந்து நின்றுவிடுகிறது. வாயில் முதலில் வருவது, “இந்தக் கம்பெனிக்காரனுங்க காசு வாங்கத்தான் லாயக்கு” என்பதாக இருக்கும். உயர்திணைப் பன்மை வந்துவிட்டது. இதைத் தொடர்ந்தால் அடுத்த அழைப்பில் இன்னொரு பெண் உங்களிடம் அகப்படுவார். சரி, ஆளை விட்டுவிட்டுப் பொருளுக்கு வருகிறோம்: “இந்த நெட் ஆமை மாதிரி இருக்கு.” ஆளுக்கு அடியில்லை, ஆனால் பலனும் இல்லை, ஏனென்றால் இதைச் சொல்ல நீங்கள் எதையும் கவனிக்கவே தேவையில்லை. ஆமை என்பது எல்லோர் வாயிலும் தேய்ந்த சொல். கோபம் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது திரையைப் பாருங்கள். அது ஓடி வந்திருக்கிறது, கடைசியில்தான் நின்றிருக்கிறது. நம் ஊரில் ஓடி வந்து கடைசியில் யார் நிற்பார்கள்? வாசலில் செருப்பைக் கழற்றுகிற விருந்தாளி. “நம்ம நெட்டு தொண்ணூத்தொம்பது வரைக்கும் நல்லாத்தான் வந்தாரு. வாசப்படியில நின்னு செருப்பைக் கழட்டுறாரு. ஒரு மணிக்கு ஆரம்பிச்சாரு, இப்ப மணி நாலு. ஒரு கால் முடிஞ்சிருச்சாம்.” இதைச் சொல்வதற்கு நீங்கள் தொடங்கிய நேரத்தைப் பார்க்க வேண்டும், இப்போதைய நேரத்தைப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே நடக்காததை ஒரு காட்சியாகக் காண வேண்டும். “ஒரு கால் முடிஞ்சிருச்சாம்” என்ற சிறு சொல்தான் கடைசியில் வர வேண்டும். அதை முன்னால் சொல்லிவிட்டால் சிரிப்பு உடைந்துவிடும். மிகையாகச் சொல்லலாம், ஆனால் மிகைக்கு அடியில் உண்மையான ஓர் எண்ணோ காட்சியோ இருக்கட்டும். சத்திரத்துப் பாட்டிலும் பொழுது சாய்வது, ஊர் அடங்குவது, வெள்ளி எழுவது என்று கடிகாரம் போல நேரம் நகர்வதைக் கவனித்தீர்களானால் இது விளங்கும்.

சாலையில் இதைச் செய்வதற்கு ஒரே ஓர் எச்சரிக்கை. ஹெல்மெட்டுக்குள் யோசியுங்கள், போனை எடுத்துப் பதிவு செய்ய வேண்டாம், பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்லவும் வேண்டாம். ஒரு பயணத்துக்கு ஒரு வாக்கியம் போதும். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை வரப்போகும் மெட்ரோ வழித்தடத்துக்காக உங்கள் சாலையில் தடுப்புகள் நிற்கும் காலம் இது. ஆதலால் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. சோழிங்கநல்லூர் சந்திப்பில் பச்சை விளக்கு வந்த வேகத்தில் மறைகிறதா? “அந்தப் பச்சை விளக்குக்கு ரொம்பக் கூச்ச சுபாவம். விருந்தாளியைப் பார்த்த குழந்தை மாதிரி கதவிடுக்குல எட்டிப் பாத்துட்டு உள்ள ஓடிருது” என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் வழுக்கும் இடம் இருக்கிறது. “அதுல பாரு, எனக்கு முன்னால ஒரு ஆட்டோக்காரன்” என்று தொடங்கினீர்களென்றால் சிக்னல் போய் ஆள் வந்துவிட்டார். அடுத்து “இந்த ஆட்டோக்காரங்களே இப்படித்தான்” என்று ஒரு கூட்டம் முழுவதும் வந்துவிடும். வண்டி ஓட்டும் பெண்கள், வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள், வயதானவர்கள் என்று யாராவது ஒரு பிரிவினரின் பெயர் வாயில் வந்தால், அந்த இடத்திலேயே வாக்கியத்தை முறித்துக்கொண்டு சிக்னலுக்குத் திரும்பிவிடுங்கள். கேட்பவர்கள் சிரித்தாலும் திரும்பிவிடுங்கள். அந்தச் சிரிப்புதான் உங்களை அடுத்த முறையும் அங்கேயே இழுத்துக்கொண்டு போகும்.

வீட்டு வாசலில் கால் வைத்த கையோடு இதைத் தொடங்கவும் வேண்டாம். படபடப்பு இறங்காத உடம்பிலிருந்து வரும் நகைச்சுவைக்குக் கத்தலின் சுருதிதான் இருக்கும். வார்த்தைகள் மாறியிருந்தாலும் உங்கள் மனைவியின் காதுக்கு அது திட்டாகவே கேட்கும். ஹெல்மெட்டைக் கழற்றி, முகம் கழுவி, மூச்சை நிதானமாக விட்டபடி சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, காப்பி குடிக்கும்போது சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் தோள் தளர்ந்திருக்கிறதா, கேட்டவர் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்தாரா என்று பாருங்கள். என் அம்மா காற்றைக் கொண்டுவரச் சொன்னாரே, அதுபோல மற்றவர் சேர்ந்துகொண்டால் அது வேடிக்கைதான். அதே சிக்னலை மூன்றாம் நாளும் புதிதாக ஒரு வார்த்தைகூட இல்லாமல் சொல்கிறீர்கள், சொல்லச் சொல்லத் தாடை இறுகுகிறது, கேட்பவர் “ம்” என்று மட்டும் சொல்கிறார் என்றால், சிரிப்பின் வேடத்தில் பழைய அசைபோடுதல் வந்துவிட்டது. அன்று அதை நிறுத்திவிடுவது நல்லது.

வெயிலை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்த்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலுக்கு வஞ்சப்புகழ்ச்சி நன்றாகப் பொருந்தும்: “சூரியன் ரொம்பப் பாசக்காரர், நம்மளை விட்டு நகரவே மனசு வரல” என்று புகழ்வது போலவே பேசலாம். ஆனால் மழை விஷயத்தில் நீங்கள் வேளச்சேரிக்காரர் என்பதை மறக்க வேண்டாம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் பகுதியில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாவற்றையும் இழந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். ஒரு சங்கடம் பாதிப்பில்லாததாகத் தோன்றும்போதுதான் அது வேடிக்கையாகிறது என்று நகைச்சுவையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். உங்களுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீராக இருந்தது, கேட்பவருக்குக் கூடத்தில் மிதந்த மெத்தையாக இருந்திருக்கலாம். மழையைப் பற்றி அவர் முதலில் வேடிக்கையாகப் பேசட்டும். அதன் பிறகு நீங்கள் சேர்ந்துகொள்ளலாம்.

கஸ்டமர் கேருக்குக் கட்டாயம் பேச வேண்டியிருக்கும், பேசவும் வேண்டும்; நெட் நின்றுபோவது உண்மையான குறைபாடு, சிரித்துவிட்டால் அது சரியாகிவிடாது. எப்போது நின்றது, ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது, இந்த மாதம் இது எத்தனையாவது முறை என்பவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டிய மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணோடு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012 விதிமுறைகள் அந்த வழியை வகுத்திருக்கின்றன. ஆனால் அந்த அழைப்பில் செருப்புக் கழற்றுகிற விருந்தாளியைக் கொண்டு வராதீர்கள். எதிர்முனையில் இருப்பவரின் பேச்சு பெரும்பாலும் பதிவாகிறது, அதற்கு மதிப்பெண் போடுவதற்கும் ஆட்கள் இருப்பார்கள். அவரால் உங்களோடு சேர்ந்து மனம்விட்டுச் சிரிக்கவும் முடியாது, போனை வைத்துவிடவும் முடியாது. எழுந்து போக முடியாதவரிடம் சொல்லும் வேடிக்கை, அதில் யார் பெயரும் இல்லாவிட்டாலும், அவர் தலையில்தான் விழும். மனைவியிடமும் நண்பர்களிடமும் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் “போதும்பா” என்று அவர்களால் சொல்ல முடியும்.

உங்கள் மகளின் கேள்விக்குப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. “அந்த அக்கா ஒண்ணுமே பண்ணலம்மா. கோபம் லைன் மேல, கத்தினது அவங்க மேல. அப்பா பண்ணது தப்பு” என்று அவளை அழைத்து உட்காரவைத்து நேராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அந்த எண்ணுக்கு அழைக்கும்போது, யார் எடுத்தாலும், அவளும் கேட்கும்படி முதலில் வணக்கம் சொல்லிப் பேரைக் கேளுங்கள். உயர்திணை, அஃறிணை பற்றி அவள் பள்ளியில் படித்திருப்பாள். இல்லையென்றாலும் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். பிறகு அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் பேசும்போது ஒரு மனிதர் எருமையாகவோ அதுவாகவோ இறங்கிவிட்டால் “அப்பா, திணை” என்று அவள் சொல்ல வேண்டும். நீங்கள் அங்கேயே நிறுத்தி, அந்த வாக்கியத்தை சிக்னலையோ நெட்டையோ வைத்துத் திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டாவது செருப்பு எப்போது கழலும் என்பதையும் அவளையே சொல்லவிடுங்கள்.